ஒரே கிரேடு கார்டு, மூன்று ஜிபிஏ: எது சரி?

வாடைக்காற்று (பாம்பன்)

தங்கச்சி திருச்சிப் பக்கம் இன்ஜினீயரிங் முதல் வருஷம் படிக்கிறாள். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி, 2021 ரெகுலேஷன். உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை இங்கே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். முதல் செமஸ்டர் ஜிபிஏ இரண்டு தசமம் வரை கேட்கிறது. கார்டிலேயே அச்சாகியிருக்கும்தான். ஆனால் அவள் ஹாஸ்டலில் வைத்து எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அடிவரி முழுக்க அவள் கட்டைவிரலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது லேபில் இருக்கிறாள் போல, போன் எடுக்கவில்லை. கார்டுக்கு லேமினேஷன் வேறு போட்டு வைத்திருக்கிறாள், நடுவில் டியூப்லைட் வெளிச்சம் ஒரு கோடாக அடிக்கிறது.

படத்திலிருந்து எழுத்தைக் காப்பி செய்யும் வசதியை வைத்து ஷீட்டில் ஒட்டினேன். பாடக் குறியீடு, கிரெடிட், கிரேடு இப்படி வந்தது:

```
HS3152  3  A
MA3151  4  8
PH3151  3  B+
CY3151  3  U
GE3151  3  A
GE3152  1  0
GE3171  2  0
BS3171  2  A+
GE3172  1  0
```

கிரேடு பாயின்ட் தனிப் பட்டியலாக வந்தது: 8, 6, 7, 9, 10, 10, 9, 10. அதைக் கூட்டி எட்டால் வகுத்தால் 8.63. அப்புறம் கிரெடிட்டோடு பெருக்க வேண்டும் என்று ஞாபகம் வந்து, பக்கத்துக் கட்டத்தில் மேலிருந்து வரிசையாக ஒட்டிப் போட்டேன், 8.29 வந்தது. சென்டர் அண்ணன் ஸ்கிரீனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பேப்பரில் கணக்குப் போட்டு, சரியாக 7 என்கிறார். கெமிஸ்ட்ரியில் அரியர், அது U. மூன்று எண்ணில் எதைப் போடுவது?

நெத்திலி

முதல் எண்ணைத் தூக்கிப் போடு தம்பி. எட்டுப் பாடத்தையும் ஒரே தட்டில் வைத்துச் சராசரி எடுத்தால் அது ஜிபிஏ ஆகாது. ஏலக் கூடத்தில் நெத்திலி பத்துக் கிலோவும் நண்டு ஒரு கிலோவும் விற்றால், இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுத்து "கிலோ சராசரி இவ்வளவு" என்று எவனாவது சொல்வானா? எடையோடு பெருக்கித்தான் சொல்வான். இங்கே கிரெடிட்தான் எடை.

உன் தங்கச்சி கார்டைப் பார், பத்து வாங்கிய மூன்றும் ஒன்று, இரண்டு கிரெடிட் பாடங்கள். குறைந்தது நாலு கிரெடிட் கணக்கு. அதனால்தான் சும்மா சராசரி போட்டால் மேலே ஏறி நிற்கிறது. எல்லாருக்கும் முதல் செமஸ்டரில் இப்படித்தான் இருக்கும், லேபில் தாராளமாகப் போடுவார்கள்.

சென்டர்காரர் சொன்ன 7 தான் சரி. ஃபெயிலானால் பூஜ்யம். அதன் மூன்று கிரெடிட்டும் கீழே வகுப்பதில் சேரும். A+ என்றால் 9, எந்தக் காலேஜ் கார்டாக இருந்தாலும் அதே கணக்குதான்.

மண்டபம் கணக்கன்

நெத்திலி அண்ணன் சொன்னதில் எடைக் கணக்கு சரி. கடைசிப் பத்தியில் இரண்டு விஷயத்தை அப்புறம் பேசுவோம். (கல்லூரித் தேர்வுப் பிரிவில் பல வருஷம் கார்டுகளோடு மல்லுக்கட்டியவன் நான்.)

வாடைக்காற்று தம்பி, கணக்கை நிறுத்திவிட்டு முதலில் படித்ததைச் சரிபாருங்கள். தப்பு வரும் இடம் வகுத்தல் இல்லை. படத்திலிருந்து ஷீட்டுக்கு வரும் வழியில்தான் தப்பு நுழைகிறது, அதுவும் சத்தமில்லாமல் நுழைகிறது. நீங்கள் ஒட்டியதிலேயே தெரிகிறது. கிரேடு பட்டியலில் 8 என்று ஒரு கிரேடே கிடையாது. அது B. மூன்று இடத்தில் 0 என்று வந்திருப்பது O. இந்த இரண்டும் நல்ல வகைத் தப்பு, ஏனென்றால் பார்த்த உடனே கண்ணில் குத்தும்.

கெட்ட வகை இன்னொன்று இருக்கிறது: A+ என்பதில் கூட்டல் குறி உதிர்ந்து A ஆகிவிடும். அதைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், A என்பதும் ஒரு கிரேடுதானே. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது படம் சுருங்குகிறது. அதில் முதலில் கரைவது இந்த மாதிரிச் சின்னக் கோடுகள்தான்.

இதற்கு ஒரே காவல், கிரேடும் கிரேடு பாயின்டும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருப்பது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி தப்பாகப் படிக்கப்படுவது அரிது. O 10, A+ 9, A 8, B+ 7, B 6, C 5. ஒவ்வொரு வரியிலும் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை. பாடம் ஒன்பது. பாயின்ட் எட்டு. ஒன்று எங்கே போனது?

வாடைக்காற்று (பாம்பன்)

சார், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டியூப்லைட் கோடு சரியாகக் கெமிஸ்ட்ரி வரியில், பாயின்ட் கட்டத்தின் மேல் விழுந்திருக்கிறது. வெள்ளையாக இருக்கிறது, எதுவும் தெரியவில்லை. U என்ற எழுத்து மட்டும் இந்தப் பக்கம் தப்பித்திருக்கிறது.

மண்டபம் கணக்கன்

அதுதான் உங்கள் 8.29.

காப்பி செய்யும் வசதி அட்டவணையை நாம் பார்ப்பதுபோல வரிவரியாகப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் நெடுவரிசையாக எடுத்துத் தருகிறது. ஒரு கட்டம் காணாமல் போனால் காலி இடம் விடாது, கீழே இருப்பதை எல்லாம் ஒரு படி மேலே ஏற்றிவிடும். அதனால் GE3151, அதாவது பைத்தானின் 9 கெமிஸ்ட்ரிக்குப் போய்விட்டது, தமிழர் மரபின் 10 பைத்தானுக்கு, இப்படியே கடைசி வரை. கடைசி வரியில் இங்கிலீஷ் லேப் காலியாக நின்றிருக்கும். அந்த ஒரு கிரெடிட்டையும் நீங்கள் வகுப்பதில் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன். 174-ஐ 21-ஆல் வகுத்திருப்பீர்கள்.

இதில் பயப்பட வேண்டியது, 8.29 பார்ப்பதற்கு ரொம்ப நியாயமான எண். 12.4 என்றோ 3.1 என்றோ வந்திருந்தால் யாராக இருந்தாலும் திரும்பப் பார்ப்பார்கள். வரிசை நகர்ந்த தப்பு அப்படி வராது, எப்போதும் நம்பும்படியான எண்ணாகத்தான் வரும். ஆனால் U எழுதிய வரியில் 9 பாயின்ட் என்று உங்கள் ஷீட்டில் உட்கார்ந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடைக்காற்று (பாம்பன்)

ஆமாம் சார், அப்படியே இருக்கிறது. U, பக்கத்தில் 9.

கெமிஸ்ட்ரி வரியைக் காலியாக விட்டு மற்றதைக் கீழே தள்ளினேன். இப்போது எல்லாம் பொருந்துகிறது, ஒன்றைத் தவிர. GE3151-க்கு எழுத்து A, பாயின்ட் 9. இது நீங்கள் சொன்ன கூட்டல் குறியா?

மண்டபம் கணக்கன்

அநேகமாக அதுதான். 9-ஐ 8 என்று தப்பாகப் படிப்பது நடக்கும், 8-ஐ 9 என்று படிப்பதும் நடக்கும், அதனால் படத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் கண்ணால் பாருங்கள். 9-ன் கீழ்ப்பக்கம் திறந்திருக்கிறதா?

கிரெடிட் நெடுவரிசைக்கும் ஒரு சோதனை உண்டு. 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டருக்கு மொத்தம் 22 கிரெடிட். இங்கிலீஷ் 3, கணக்கு 4, பிசிக்ஸ் 3, கெமிஸ்ட்ரி 3, பைத்தான் 3, தமிழர் மரபு 1, பைத்தான் லேப் 2, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி லேப் 2, இங்கிலீஷ் லேப் 1. நீங்கள் ஒட்டியதைக் கூட்டினேன், 22 வருகிறது. சிலபஸ் புத்தகத்தில் இருக்கும் மொத்தத்தோடு கூட்டுத்தொகை ஒத்துப்போனால் கிரெடிட்டைப் பற்றிக் கவலை விட்டுவிடலாம். பின்னால் வரும் செமஸ்டர்களில் சில லேபுக்கு 1.5 கிரெடிட் வரும். புள்ளி உதிர்ந்து 15 ஆகிவிட்டால் அந்த லேப் ஒன்றே கார்டை விழுங்கிவிடும், ஆனால் மொத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

வாடைக்காற்று (பாம்பன்)

பெரிதாக்கிப் பார்த்தேன். 9 தான், சந்தேகமில்லை. A பக்கத்தில் ஒரு மங்கலான புள்ளியும் இருக்கிறது.

மண்டபம் கணக்கன்

சரி, இப்போது கணக்கு. கிரெடிட்டைப் பாயின்ட்டால் பெருக்குவோம்.

இங்கிலீஷ் 3 × 8 = 24. கணக்கு 4 × 6 = 24. பிசிக்ஸ் 3 × 7 = 21. பைத்தான் 3 × 9 = 27. தமிழர் மரபு 10. பைத்தான் லேப் 20. பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி லேப் 2 × 9 = 18. இங்கிலீஷ் லேப் 10. மொத்தம் 154.

கீழே எதனால் வகுப்பது என்பதில்தான் சென்டர் அண்ணனும் நானும் பிரிகிறோம். அவர் 22-ஆல் வகுத்து 7.00 கொண்டுவந்திருக்கிறார். அண்ணா பல்கலைக்கழக முறையில் U வாங்கிய பாடம் ஜிபிஏ கணக்கிலேயே வராது. மேலேயும் வராது, கீழேயும் வராது. அந்த செமஸ்டரில் தேறிய பாடங்களுக்கு மட்டும்தான் கணக்கு. ஆகவே 22-ல் கெமிஸ்ட்ரியின் 3 போய் 19. 154-ஐ 19-ஆல் வகுத்தால் 8.105. இரண்டு தசமத்துக்கு 8.11.

நெத்திலி

இது எந்த ஊர் நியாயம்? ஃபெயிலான பிள்ளைக்கு 8.11, எல்லாவற்றிலும் கஷ்டப்பட்டுத் தேறி ஒரு C வாங்கிய பிள்ளைக்கு அதைவிடக் குறைவாக வருமா?

மண்டபம் கணக்கன்

வரும் அண்ணே. நியாயமா என்று என்னைக் கேட்டால் எனக்கும் அதில் மனசு ஒப்பாது. ஆனால் விதியை எழுதியவர்கள் ஜிபிஏவை "தேறியதில் எவ்வளவு நன்றாகத் தேறினாய்" என்பதற்கும், அரியர் இருக்கிறதா என்பதைத் தனியாகவும் பார்க்கிறார்கள். அதனால்தான் வேலைக்கு எடுக்க வரும் கம்பெனிகள் சிஜிபிஏ கேட்ட கையோடு "நிலுவை அரியர் உண்டா" என்று அடுத்த கட்டத்தில் கேட்கிறார்கள்.

U-வைப் பூஜ்யமாகச் சேர்த்து வகுக்கும் இடங்களும் நாட்டில் இருக்கின்றன. ஆகவே சென்டர் அண்ணன் போட்ட கணக்கு கணக்காகத் தப்பில்லை, இந்தக் கார்டுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். எந்தக் கார்டு, எந்த ரெகுலேஷன் என்று பார்க்காமல் வகுக்க உட்காரக் கூடாது.

தம்பி, ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். அந்தக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் அடிவரியின் ஒரு நுனியாவது தெரிகிறதா? ஓர் இலக்கம் தெரிந்தாலும் போதும்.

தங்கச்சிமடம் மல்லி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். A+ என்றால் எல்லா இடத்திலும் 9 என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். என் தம்பி கலைக் கல்லூரியில் பிகாம் படிக்கிறான். அவன் கார்டில் தமிழில் A+ போட்டுப் பக்கத்தில் 7.2 என்று இருக்கிறது. இன்னொரு பாடத்தில் D என்று வந்ததைப் பார்த்து அப்பா வலையை மடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து திட்டத் தொடங்கிவிட்டார். இவன் "அது நல்ல கிரேடு" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், அப்பா நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை. அச்சுப் பிழையா? A+ 9 என்றால் அவன் ஜிபிஏ கூடும் இல்லையா, கல்லூரியில் எழுதிக் கொடுக்கலாமா?

மண்டபம் கணக்கன்

எழுதிக் கொடுக்க வேண்டாம் அம்மா, தம்பி சொல்வது உண்மை. அச்சுப் பிழை இல்லை.

மெட்ராஸ் பல்கலைக்கழகம் உட்பட தமிழ்நாட்டில் கலை அறிவியல் படிப்புகளுக்குப் பரவலாக இருக்கும் முறை வேறு. அங்கே மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்ததுதான் கிரேடு பாயின்ட். 72 மார்க் என்றால் 7.2. எழுத்து அதற்கு மேல் ஒட்டிய சீட்டு மாதிரி: 90-க்கு மேல் O, 80 முதல் 89 வரை D+, 75 முதல் 79 வரை D, 70 முதல் 74 வரை A+, அறுபதுகளில் A, ஐம்பதுகளில் B, நாற்பதுகளில் C. D என்பது டிஸ்டிங்ஷன். அது A+-க்கு மேலே. அப்பாவிடம் சொல்லுங்கள், பையன் திட்டு வாங்கிய பாடத்தில் 75-க்கு மேல் எடுத்திருக்கிறான்.

இதில் ஒரு பெரிய வித்தியாசம் பாருங்கள். இன்ஜினீயரிங் கார்டில் A+ என்ற எழுத்து மட்டும் தெரிந்தாலும் 9 என்று எழுதிவிடலாம். தம்பி கார்டில் A+ என்பது 7.0-ஆகவும் இருக்கலாம், 7.4-ஆகவும் இருக்கலாம். எழுத்தை வைத்து ஜிபிஏ போடவே முடியாது. படம் எடுக்கும்போது மார்க் அல்லது பாயின்ட் நெடுவரிசை தெளிவாக விழுந்தாக வேண்டும்.

இன்னொன்று, அந்தக் கார்டுகளில் பார்ட் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்திருப்பார்கள். தமிழ் ஒரு பார்ட், இங்கிலீஷ் ஒரு பார்ட், முக்கியப் பாடங்கள் எல்லாம் மூன்றாவது. பலர் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிவிட்டுக் கார்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று வந்து நிற்பார்கள். கார்டில் பார்ட் வாரியாகப் போட்டிருந்தால் நீங்களும் பார்ட் வாரியாகவே போடுங்கள்.

தங்கச்சிமடம் மல்லி

அவன் மூன்றாவது பார்ட்டில் மூன்று பாடம் இருக்கிறது. 5 கிரெடிட்டில் 84, 5 கிரெடிட்டில் 76, 3 கிரெடிட்டில் 72. சரியாகப் போட்டேனா பாருங்கள்: 42 + 38 + 21.6 = 101.6. 13-ஆல் வகுத்தால் 7.815.

மண்டபம் கணக்கன்

சரிதான்.

நெத்திலி

என் பையன் கார்டில் A+ 9 தான். அதைத்தான் சொன்னேன்.

கீழக்கரை காக்கா

ஜிபிஏவை 9.5-ஆல் பெருக்கினால் பெர்சன்டேஜ் வந்துவிடும். 8.11 × 9.5 = 77.05. அதையே விண்ணப்பத்தில் போடுங்கள் தம்பி, இவ்வளவு பேச்சு எதற்கு.

வாடைக்காற்று (பாம்பன்)

காக்கா, விண்ணப்பத்தில் பெர்சன்டேஜ் கேட்கவில்லை, ஜிபிஏதான் கேட்கிறது.

மண்டபம் கணக்கன்

காக்கா சொல்லும் 9.5, சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு கிரேடு முறை இருந்த காலத்தில் வந்தது. 2010 வாக்கில் தொடங்கிச் சில வருஷம் இருந்தது. அது அந்தப் பரீட்சைக்கு மட்டும் பொருந்தும். கல்லூரி கார்டுக்கு இழுத்துக்கொண்டு வரக் கூடாது. யாராவது பெர்சன்டேஜ் கேட்டால் அவரவர் பல்கலைக்கழகம் என்ன மாற்று முறை கொடுத்திருக்கிறதோ அதுதான் செல்லும்.

கீழக்கரை காக்கா

நான் துபாயில் இருந்தபோது என் மச்சான் பையனுக்கு 9.5 வைத்துத்தான் நிரப்பினோம். ஒருத்தரும் கேட்கவில்லை.

மண்டபம் கணக்கன்

கேட்காமல் விட்டது அவர்கள் நல்ல மனசு, காக்கா.

வாடைக்காற்று (பாம்பன்)

நுனி தெரிகிறதா என்று கேட்டீர்களே சார். விரலுக்கு வலது பக்கம் உற்றுப் பார்த்தால் "05" என்று இரண்டு இலக்கம் தெரிகிறது. அதற்கு முன்னால் இருப்பது விரலுக்கு அடியில்.

மண்டபம் கணக்கன்

போதுமே. 8.105-ன் வால் அது. 7.00-க்கும் 8.29-க்கும் 05 என்று முடிய வழியில்லை. முழுச் சான்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாம் படித்ததற்கு எதிராக எதுவும் இல்லை. தங்கச்சி போன் எடுத்தால் அடிவரியை வாயால் வாசிக்கச் சொல்லுங்கள்.

அப்படியே இன்னொரு முறை படம் எடுக்கச் சொல்வதானால், பிளாஷ் வேண்டாம், டியூப்லைட்டுக்கு நேர் கீழே வேண்டாம். லேமினேஷன் போட்ட கார்டை ஜன்னல் பக்கம் தரையில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி, நேர் மேலிருந்து எடுத்தால் கோடு விழாது. ஓரங்களைக் கையால் பிடிக்காமல் நாலு மூலையும் படத்துக்குள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்பினால் படம் சுருங்காது, கூட்டல் குறியும் பிழைக்கும்.

வாடைக்காற்று (பாம்பன்)

சரி சார். இன்னொரு விசித்திரம். நீங்கள் சொன்ன கணக்கையே ஷீட்டில் பார்முலாவாகப் போட்டேன். கையால் போட்டால் 8.105 வருகிறது, ஷீட்டில் 6.68 வருகிறது. பார்முலா இது, B கிரெடிட், C பாயின்ட்:

```
=SUMPRODUCT(B2:B10,C2:C10)/19
```

தங்கச்சிமடம் மல்லி

154 வர வேண்டிய இடத்தில் 127 வந்திருக்கிறது என்றால் 27 குறைகிறது. பைத்தான் வரி 27 தானே? அந்த 9 இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா பாருங்கள். நான் சொசைட்டியில் பில் போடுகிறேன், காப்பி செய்து ஒட்டிய எண்ணுக்குப் பின்னால் ஒரு காலி இடம் ஒட்டிக்கொண்டு வந்தால் ஷீட் அதை எண்ணாகப் பார்க்காது, எழுத்தாகப் பார்க்கும். பெருக்கும்போது பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும், பிழை என்று கத்தவும் செய்யாது.

வாடைக்காற்று (பாம்பன்)

அக்கா, அதேதான். மற்ற எல்லாம் வலது பக்கம், அது ஒன்று மட்டும் இடது பக்கம். அழித்துவிட்டுக் கையால் 9 அடித்தேன், 8.105.

மண்டபம் கணக்கன்

அருமை. பார்முலாவில் 19 என்று கையால் எழுதாமல் விட்டால் அடுத்த செமஸ்டருக்கும் அதே ஷீட் உதவும். பாயின்ட் இருக்கும் வரிகளின் கிரெடிட்டை மட்டும் அதுவே கூட்டிக்கொள்ளும்:

```
=SUMPRODUCT(B2:B10,C2:C10)/SUMIF(C2:C10,">0",B2:B10)
```

U வரியில் பாயின்ட் கட்டம் காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: மல்லி சொன்ன இடது பக்க எண் பிரச்சினை இதில் இன்னும் மறைவாக ஒளிந்துகொள்ளும். எழுத்தாக மாறிய வரி மேலேயும் கீழேயும் சேர்ந்தே விழுந்துவிடலாம், 6.68 மாதிரி சந்தேகப்படும்படி வராமல் 7.94 மாதிரி நல்ல பிள்ளையாக வரும். கீழே வரும் கிரெடிட் கூட்டுத்தொகையைத் தனிக் கட்டத்தில் காட்டச் சொல்லி 19 இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வாடைக்காற்று (பாம்பன்)

தங்கச்சி பேசினாள். அடிவரியை வாசிக்கச் சொன்னேன். 8.105. அவளே கேட்டாள்: "அண்ணே, அடுத்த தடவை கெமிஸ்ட்ரியை முடித்துவிட்டால் இது இன்னும் ஏறும் இல்லையா?" ஏறும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மண்டபம் கணக்கன்

அய்யோ, இறங்கத்தான் வாய்ப்பு அதிகம் தம்பி.

இப்போது கெமிஸ்ட்ரி கணக்கிலேயே இல்லை. தேறிவிட்டால் அதன் மூன்று கிரெடிட்டும் உள்ளே வரும். B வாங்கினாள் என்று வைத்துக்கொள்வோம், 3 × 6 = 18. 154 + 18 = 172. 22-ஆல் வகுத்தால் 7.82. முதல் செமஸ்டர் பாடங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் 8.11 இருந்தது 7.82 ஆகிவிடும். இப்போதைய சராசரி 8.1-ஐ விடக் குறைவான எந்தப் பாயின்ட் வந்தாலும் இழுக்கும். A வாங்கினால்கூட 178 / 22, 8.09. A+ வாங்கினால்தான் கொஞ்சம் ஏறும்.

அதற்காக எழுதாமல் விட முடியுமா, டிகிரி வேண்டுமே. ஆனால் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. பாஸானதும் சிஜிபிஏ குறைந்துவிட்டது, கம்ப்யூட்டர் தப்பு செய்துவிட்டது என்று எங்கள் கவுன்டருக்கு வந்து அழுத பிள்ளைகள் உண்டு.

நெத்திலி

பாஸானால் குறையும், ஃபெயிலானால் கூடும். நல்லா இருக்கு உங்க கணக்கு. இதற்குத்தான் நான் பூஜ்யம் போட்டுச் சேர்க்க வேண்டும் என்றேன். அப்படிச் செய்திருந்தால் 7-ல் இருந்து 7.82-க்கு ஏறியிருக்கும், பிள்ளைக்கும் சந்தோஷம்.

மண்டபம் கணக்கன்

உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது அண்ணே, மறுக்கவில்லை. விதியை மாற்றும் இடத்தில் நாம் இரண்டு பேரும் இல்லை.

வாடைக்காற்று (பாம்பன்)

8.11 போட்டாயிற்று. அடுத்த கட்டத்தில் "எல்லாப் பாடத்திலும் தேர்ச்சியா" என்று கேட்கிறது, இல்லை என்று போட்டேன்.

போன வருஷம் படித்த பக்கத்து வீட்டுப் பையன் கார்டும் கையில் இருக்கிறது. அவனுடையது இரண்டாம் செமஸ்டர் கார்டு. அதில் செமஸ்டர் கட்டத்தில் எல்லாம் 02 இருக்க, ஒரே ஒரு வரியில் 01 என்று இருக்கிறது. அவன் அரியர் முடித்த பாடம். அவன் இரண்டாம் செமஸ்டர் ஜிபிஏவில் அதைச் சேர்ப்பதா?

மண்டபம் கணக்கன்

அந்த 01 முதல் செமஸ்டர் பாடம் என்பதற்கான அடையாளம். சிஜிபிஏவில் கண்டிப்பாகச் சேரும். இரண்டாம் செமஸ்டர் ஜிபிஏவில் சேர்த்திருக்கிறார்களா என்பதை அவன் கார்டின் அடிவரியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அச்சான ஜிபிஏவை 02 வரிகளின் மொத்தக் கிரெடிட்டால் பெருக்குங்கள், அப்புறம் 01 வரியையும் சேர்த்த மொத்தத்தால் பெருக்குங்கள். கிரெடிட்டும் பாயின்டும் முழு எண்ணாக இருந்தால் பெருக்கித் தொகையும் முழு எண்ணுக்கு ஒட்டி வர வேண்டும். உங்கள் தங்கச்சி கார்டிலேயே பாருங்கள்: 8.105 × 19 = 153.995, அதாவது 154. அதே 8.105 × 22 = 178.31, எதற்கும் ஒட்டவில்லை. இதிலிருந்தே U-வை விட்டுவிட்டுத்தான் வகுத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. 1.5 கிரெடிட் லேப் இருந்தால் அரையில் முடியலாம், அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடைக்காற்று (பாம்பன்)

பையன் கார்டில் இரண்டு விதத்திலும் முழு எண்ணுக்குப் பக்கத்தில்தான் வருகிறது சார்.

மண்டபம் கணக்கன்

அப்படியும் சில நேரம் அமைந்துவிடும். பெருக்கி வந்த தொகையை அந்தந்த வரிகளின் கிரெடிட் × பாயின்ட் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எது பொருந்துகிறதோ அது. கார்டின் படத்தைப் பேரையும் பதிவெண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள், நானும் பார்க்கிறேன்.